வாட்டத்தில் நிற்கும் கணக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் வடிகால் கட்டுவது தெருவோடு முடிகிற வேலை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குழித்தறி இருக்கிறது. நெய்பவர் கால் வைத்து மிதிக்கும் பள்ளம் தரைக்குக் கீழே இரண்டரை, மூன்று அடி போகும். வடிகாலில் தண்ணீர் தேங்கினால் ஊற்று முதலில் வருவது அங்கேதான். மழைக்காலத்தில் தறி நிற்பதற்கு அது ஒரு காரணம்.

மூன்று மீட்டர் அகலமும் எண்பது மீட்டர் நீளமும் உள்ள சந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் வடிகால் வைத்தால் வண்டி போக இடம் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் வடிகால், சாலையின் சரிவும் அந்தப் பக்கமே. எதிர்ப்பக்கம் கெர்ப் கல். எதிர்வரிசை வீடுகளின் கழிவுநீர்க் குழாய்களைச் சாலைக்கு அடியில் முதலிலேயே பதித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சாலையை உடைப்பார்கள், நிச்சயமாக.

வடிகாலின் உள் அகலம் 30 செ.மீ., சுவரும் அடித்தளமும் 10 செ.மீ. கனம், மேலே 50 செ.மீ. அகலத்தில் 10 செ.மீ. மூடி ஸ்லாப். ஆழம் எவ்வளவு? இங்கேதான் ரன்னிங் மீட்டர் கணக்கு ஏமாற்றும். மீட்டருக்கு 5 மி.மீ. வாட்டம் என்றால் எண்பது மீட்டரில் 40 செ.மீ. இறங்க வேண்டும். தெரு சமதளமாக இருந்தால், தலைமாட்டில் 30 செ.மீ. ஆழம் கடைமாட்டில் 70 ஆகிவிடும்.

தலைமாட்டு மீட்டருக்கு மூடியோடு 0.16 கன மீட்டர் எம்20 கான்கிரீட் போதும். கடைமாட்டு மீட்டருக்கு 0.24, அதாவது ஒன்றரை மடங்கு. சராசரி 0.20. கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமென்ட் என்று வைத்து, அடியில் போடும் பி.சி.சி.யையும் சேர்த்தால் மீட்டருக்கு ஒன்றே முக்கால் மூட்டை, மொத்தம் 140. தலைமாட்டை மட்டும் அளந்து விலை போட்டவருக்கு 115தான் வரும். சென்ட்ரிங், மண் வெட்டு இரண்டிலும் இதே குறை. அந்த நஷ்டத்தை அவர் பெரும்பாலும் ஆழத்தில்தான் ஈடுகட்டுவார்; வாட்டம் செத்துவிடும்.

கெர்ப் கல் கணக்கு எளிது. 45 செ.மீ. கல், இணைப்போடு 46. எண்பது மீட்டருக்கு 174 கல். உடைசலுக்கும் சேர்த்து 180 வாங்கலாம்.

தோண்டும் முன் கடைமாட்டைப் பார்க்க வேண்டும். மூடி ஸ்லாப்பையும் சேர்த்தால் வடிகாலின் அடி அங்கே சாலைக்கு 80 செ.மீ. கீழே இருக்கும். சேர்கிற இடம் மஞ்சள் நீர்க் கால்வாயோ வேறு பெரிய வடிகாலோ, அதன் மட்டம் இதைவிடத் தாழ்வாக இல்லையென்றால் தண்ணீர் எதிர்த்து ஏறும். அப்படியிருந்தால் திட்டத்தையே மாற்ற வேண்டும். சுவரை உயர்த்திப் பயனில்லை.

கசிவு பெரும்பாலும் அடித்தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் தொடங்கும், அடித்தளம் போட்டுப் பல நாள் கழித்துச் சுவர் எழுப்பும்போது. மூடி போடுமுன் தறி வீட்டுக்கு எதிரே இரண்டு மண் கரை கட்டித் தண்ணீர் நிரப்பி, சுவரில் கோடு போட்டு, ஓரிரவு விட்டால் தெரிந்துவிடும். மட்டம் தெளிவாக இறங்கியிருந்தால் அந்த மூலையைக் கொத்திப் பூசாமல் மூடி வைக்க விடக்கூடாது.