பிள்ளை தானே கட்டும் செபப் பாட்டு

1996ஆம் ஆண்டு. வலிகாமத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல வன்னியில் கொட்டில் போட்டு இருந்த காலம். ஒரு பாலை மரத்தடியில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு நடத்தி வந்தேன். ஏழு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகள் பன்னிரண்டு பேர். கரும்பலகை கிடையாது. நிவாரணச் சாமான் வந்த பெட்டியின் மட்டையும் அடுப்புக் கரித்துண்டும்தான் இருந்தன.

ஒரு நாள், "இன்றைக்கு நீங்களே ஒரு செபம் சொல்லுங்கோ" என்று கேட்டேன். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, கோவிலில் கேட்ட பெரிய சொற்களையே திருப்பிச் சொன்னது. அன்று காலை தாங்கள் கண்டதையோ பட்டதையோ ஒருவரும் சொல்லவில்லை. பிழை என் கேள்வியில் இருந்தது. "செபம் சொல்லு" என்றால் பிள்ளை தான் பாடமாக்கியதைத்தான் தேடும். அதன் பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். அந்த வழியை இங்கே சொல்கிறேன். ஆசிரியர் இல்லாத இடத்தில் பெற்றோரும் இதைச் செய்யலாம்.

முதலில் பேச்சு

செபம் என்ற சொல்லை எடுக்காமலே தொடங்குங்கள். மூன்று கேள்விகள் போதும்: இன்றைக்குக் காலையில் வீட்டில் என்ன நடந்தது? யாரை நினைக்க உனக்குக் கவலையாய் அல்லது சந்தோசமாய் இருக்கிறது? இப்போது என்ன வேணும்? பத்து நிமிடம் பிள்ளைகளைப் பேச விடுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பிள்ளை "தண்ணி" என்றால் "தண்ணி" என்றே எழுத வேண்டும். அதைத் "தண்ணீர்" என்று திருத்தினால் அடுத்த வசனத்தைப் பிள்ளை உங்களுக்குப் பிடித்த மாதிரிச் சொல்லப் பார்க்கும்.

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சொன்னாள்: "கிணத்தில தண்ணி காணாது. அம்மா விடியமுன்னம் வாளியோட போறவா. கால் நோகுதெண்டு சொல்லுறவா." பிறகு, என்ன வேணும் என்று கேட்க, விரல் மடித்து எண்ணினாள்: கிணற்றில் தண்ணி, வீட்டில் விளக்கு, அம்மாவின் கால்நோ மாறுவது, அப்பா திரும்ப நெல் விதைப்பது.

அடுத்தது கைதட்டு

பிள்ளைகளின் பாட்டு பெரும்பாலும் ஒரு வரிக்கு நான்கு தட்டில் நடக்கும். எழுதியதை வாசித்தபடி எல்லாரும் கை தட்டுங்கள். எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கையே காட்டிவிடும். அந்தச் சிறுமி முதலில் "அம்மாவுக்குக் காலில நோ மாற வேணும்" என்றாள். தட்டு ஐந்தாகிப் போனது. இரண்டு தரம் தட்டிப் பார்த்து, "அம்மா கால்நோ மாற வேணும்" என்று தானே சுருக்கினாள்.

"கிணத்தில் தண்ணி வேணும்" என்ற வரியில் ஒரு தட்டுக் குறைந்தது. நான் அவசரப்பட்டு, "கிணத்தில் நிறையத் தண்ணி வேணும் எண்டு போடுவமா?" என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள். "நிறையக் கேட்டால் மற்றக் கிணத்துக்குக் காணாது. கொஞ்சம் போதும்" என்றாள். அன்று நான் கற்றுக்கொண்டேன்: வெற்றிடத்தை நாம் நிரப்பக் கூடாது. "இங்கே ஒரு தட்டுக் குறையுது, என்ன போடலாம்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஓசை

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு வரிகளின் முடிவில் ஒரே சொல் திரும்பி வந்தாலே பாட்டாகிவிடும். "வேணும்", "தந்தாய்", "பார்" போன்ற சொற்கள் நல்லவை. பத்து வயதுப் பிள்ளையானால், இரண்டு வரிகளை ஒரே எழுத்தில் தொடங்கச் சொல்லலாம். எதுகை, மோனை என்ற பெயர்கள் இந்த வகுப்புக்குத் தேவையில்லை.

ஓசையைத் தேடிப் போய்ப் பொருளை விட்டுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "இந்த வரியை வீட்டில் கதைக்கிற மாதிரிச் சொல்லு" என்று கேளுங்கள். பிள்ளையால் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல் பிள்ளையுடையது அல்ல. ஓசை குறைந்தாலும் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

கடைசியில்தான், "இதையெல்லாம் யாரிடம் கேட்கிறாய்?" என்று கேட்க வேண்டும். கடவுளைப் பிள்ளை வீட்டில் எப்படி அழைக்கிறதோ அந்தப் பெயரே இருக்கட்டும். அந்தச் சிறுமியின் பாட்டு இப்படி முடிந்தது:

கிணத்தில் கொஞ்சம் தண்ணி வேணும்
கிடுகு வீட்டில் விளக்கு வேணும்
அம்மா கால்நோ மாற வேணும்
அப்பா நெல்லு விதைக்க வேணும்
யேசு சாமி பார்க்க வேணும்

இதற்குச் சென்றது முக்கால் மணி நேரம். நாலைந்து வரிக்கு மேல் போக வேண்டாம். அடுத்த வகுப்பில் மட்டையைப் பாராமல் சொல்லச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு தரம் தடக்கினால் அந்த வரியைப் பிள்ளையோடு இருந்து திரும்பப் பாருங்கள்.

எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைகள்

136ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் ஒரே வரியில் முடிகிறது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அந்த வரியைத் திருப்பிச் சொல்லுவதற்கு வசதியான அமைப்பு இது. சின்னப் பிள்ளைகளுக்கும் இதே முறை பொருந்தும். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு திரும்பு வரியைத் தெரிவு செய்யட்டும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்ட ஒரு பொருளின் பெயரை மட்டும் சொல்ல, மற்றவர்கள் திரும்பு வரியைப் பாடட்டும். கூச்சப்படும் பிள்ளையும் ஒரு சொல் சொல்லிவிடும்.

கோபமும் கண்ணீரும் வந்தால்

அதே வகுப்பில் ஒரு பையன், "எங்கட வயலை ஏன் விட்டுட்டு வரப் பண்ணினனீ?" என்று ஒரு வரி சொன்னான். மற்றப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதை அழிக்கவில்லை. 13ஆம் சங்கீதமும் கடவுளிடம் கேள்வி கேட்டுத்தான் தொடங்குகிறது என்று சொன்னேன். "இன்னும் ஏதும் சேர்க்கப் போறியா?" என்று மட்டும் கேட்டேன். அன்றைக்கு அவன் ஒன்றும் சேர்க்கவில்லை. நாலு வரியும் கேள்வியாகவே இருந்தன. அப்படியே விட்டோம்.

காணாமற்போன தகப்பனையோ அண்ணனையோ பற்றிப் பிள்ளை எழுதினால், "கட்டாயம் வருவார்" என்று வரியை மாற்ற வேண்டாம். நம்மால் உறுதி சொல்ல முடியாததைப் பிள்ளையின் செபத்தில் எழுதக் கூடாது. "அப்பா வர வேணும்" என்று பிள்ளை கேட்பதைக் கேட்பதாகவே விடுங்கள். இப்படியான பாட்டை வகுப்பில் வாசிக்குமுன் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் மட்டையை மடித்து அதன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அழத் தொடங்கினால் பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அழுகை நாட்கணக்கில் தொடர்ந்தாலோ, பிள்ளை நித்திரையில்லாமல் திரிந்தாலோ தாயிடம் சொல்ல வேண்டும். அது பாட்டால் தீருகிற காரியமல்ல.

வீட்டில்

பிள்ளை மட்டையைக் கொண்டு வந்தால், இரவுச் செபத்தில் ஒரு தரம் சொல்ல விடுங்கள். எழுத்துப் பிழையை அன்றைக்குப் பார்க்க வேண்டாம். விருந்தாளிகளின் முன்னால் கட்டாயப்படுத்திச் சொல்ல வைக்கவும் வேண்டாம்.

மழை பெய்து கிணறு ஊறிய பிறகு, அந்தச் சிறுமி தன் முதல் வரியை மாற்ற வேண்டும் என்று வந்து நின்றாள். கரித்துண்டை அவளிடமே கொடுத்தேன். "கிணத்தில் தண்ணி வந்து போச்சு" என்று எழுதினாள். மற்ற நாலு வரியையும் அப்படியே விட்டாள்.