412 படங்கள், 412 தவறான பெயர்கள்

பட்டமளிப்பு விழாவில் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களுக்கு, படம் எடுப்பதைவிடப் பெரிய வேலை பெயர் போடுவது. மேடையேறும் வரிசையில் கல்லூரி ஒரு பட்டியல் தரும். கேமரா கொடுத்த DSC_9713 மாதிரியான பெயரை எடுத்துவிட்டு, மாணவரின் வரிசை எண்ணையும் பெயரையும் போட வேண்டும். நூற்றுக்கணக்கில் கையால் மாற்ற யாருக்குப் பொறுமை இருக்கும்? சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி ஓட்டிவிடுவார்கள்.

அப்படி ஒரு ஸ்டுடியோவை வைத்துக்கொள்வோம். மேடையேறியவர்கள் 412 பேர். ஆளுக்கு ஒரே ஒரு படம்தான் எடுத்தது. ஸ்கிரிப்ட் ஓடியது, பிழை எதுவும் காட்டவில்லை, எண்ணிக்கையும் சரியாக இருந்தது. படங்கள் மாணவர்களுக்குப் போன பிறகு ஒரு போன்: "சார், என் பேர்ல வேற யாரோ பொண்ணு படம் வந்திருக்கு."

முதல் சந்தேகம், வழக்கம்போல, படம் எடுத்தவர் மேல் விழுந்தது. கார்டை மாற்றிப் போட்டாரோ, நடுவில் ஒருவரை விட்டுவிட்டாரோ? அப்படி ஒருவர் விடுபட்டிருந்தால், அவர் வரைக்குமாவது பெயர்கள் சரியாக இருக்கும். இங்கே முதல் படமே தவறு. 1ஆம் எண்ணில் இருந்தது 288ஆவது மாணவியின் முகம்.

காரணம் கேமராவின் எண்ணில் இருக்கிறது. பெரும்பாலான கேமராக்கள் கோப்புப் பெயரில் நான்கு இலக்கம்தான் வைக்கும். 9999 ஆனதும் அடுத்த படம் 0001. இந்த விழாவின் முதல் 287 படங்கள் DSC_9713 முதல் DSC_9999 வரை. மீதி 125 படங்கள் DSC_0001 முதல் DSC_0125 வரை. ஸ்கிரிப்ட் கோப்புகளைப் பெயர்வரிசைப்படி அடுக்கியது. அதனால் கடைசியில் மேடையேறிய 125 பேர் முன்னால் வந்துவிட்டார்கள். வரிசை மொத்தமும் சுழன்றுபோனதால், தன் படத்தைச் சரியாகப் பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

நல்லவேளை, பெயரை மாற்றினால் கோப்பின் உள்ளே எதுவும் மாறாது. ஷட்டர் அழுத்திய நேரத்தை ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா எழுதி வைக்கிறது. எக்சிஃப் என்பது அந்தக் குறிப்புதான். பில் ஹார்வி எழுதிய எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதைப் படித்து, எடுத்த நேர வரிசையில் பட்டியல் போடும்:

```
exiftool -T -fileOrder DateTimeOriginal -FileName -DateTimeOriginal photos > list.txt
```

கேமராவின் கடிகாரமே தவறாக இருந்தாலும் இங்கே பரவாயில்லை, ஒரே கேமரா என்பதால் முன்பின் வரிசை மாறாது. இரண்டு கேமராவில் எடுத்திருந்தால் கதை வேறு; இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும்.

இனி அந்த வரிசைப்படி மறுபடி பெயர் மாற்ற வேண்டியதுதானே என்று அதே ஃபோல்டரில் கை வைத்தால் ஆபத்து. 288ஆம் எண்ணுக்குரிய பெயரில் ஏற்கெனவே இன்னொருவர் படம் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸில் பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டினால் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் பழைய கோப்பைச் சத்தமில்லாமல் அழித்து அதன்மேல் எழுதிவிடக்கூடும். ஆகவே புதிய ஃபோல்டரில் நகல்களாக எழுதி, பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் ஒரு பட்டியலில் வைத்துக்கொள்வதே வழி. சரிபார்க்கும்போது முதல் படமும் கடைசிப் படமும் போதாது. ஒட்டு விழுந்த இடமான 287ஐயும் 288ஐயும் அடையாள அட்டையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு அங்கியில் எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

ஸ்கிரிப்ட் எழுதியவர் குழுவுக்கு மன்னிப்புக் குறிப்பு எழுத வேண்டும். "தொழில்நுட்பக் கோளாறால் சிறு குழப்பம், வருந்துகிறோம்" என்று எழுதினால் ஆல்பம் வடிவமைப்பவருக்கு ஒன்றும் புரியாது. தன்னிடம் உள்ள படங்களில் எது சரி என்று அவர் மறுபடி போன் செய்வார். உருப்படியான குறிப்பு இப்படி இருக்கும்:

"நேற்று மாலை அனுப்பிய பட்டமளிப்புப் படங்கள் 412க்கும் பெயர் தவறு. கேமரா எண் 9999 தாண்டித் திரும்பத் தொடங்கியதை என் ஸ்கிரிப்ட் கவனிக்கவில்லை. ஓட்டிய பிறகு நானும் ஒரு படத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. படம் எடுத்த அண்ணன் மேல் எந்தத் தவறும் இல்லை, அவரைச் சந்தேகித்ததற்கு அவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பழைய ஃபோல்டரை யாரும் பயன்படுத்த வேண்டாம். 'திருத்தியது' என்ற ஃபோல்டரில் சரியான படங்கள் உள்ளன. ஆல்பத்தில் ஏற்கெனவே படம் வைத்தவர்கள் அந்தப் பக்கங்களை எனக்குச் சொல்லுங்கள், நானே மாற்றித் தருகிறேன். எல்லாரும் மன்னிக்கவும்."

அண்ணனைப் பற்றிய வரியைத்தான் பலரும் எழுத மறக்கிறார்கள். போன் வந்த அன்று அவரைக் குழுவே சந்தேகித்தது. அதே குழுவின் முன்னால்தான் அது நீங்க வேண்டும்.

ஏற்கெனவே வெளியே போன படங்களுக்கு எக்சிஃப் உதவாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் உதிர்ந்துவிடும், கோப்புப் பெயரும் மாறிவிடும். ஆவணமாக அனுப்பியிருந்தால் மட்டுமே இரண்டும் தங்கும். மற்ற மாணவர்களுக்கு ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பி, பழையதை நீக்கச் சொல்லிவிட்டுச் சரியான படத்தை மறுபடி அனுப்ப வேண்டியதுதான்.