நாற்பத்தொன்பது நாள் கடன்

ஜூன் பிறந்தால் எங்கள் தெரு அச்சகத்தில் இரவு பத்து மணிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளி டைரி, ரசீதுப் புத்தகம், மார்க் ஷீட் என்று வேலைக்குக் குறைவிருக்காது. பணத்துக்குத்தான் குறைவு. பேப்பர் டீலர் லோடு இறக்கும்போதே காசு கேட்பார். பள்ளித் தாளாளரோ, "ஃபீஸ் வசூலாகட்டும், ஜூலை இருபதுக்கு மேல வாங்கிக்கங்க" என்பார். இடையில் கிடக்கிற அந்த நாற்பது நாளை அடைக்கத்தான் அச்சகக்கார அண்ணன் சில வருடங்களுக்கு முன் தொழில் பெயரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினார். அவருக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். அந்தக் கார்டு அவருக்குச் செய்த நன்மையும் ஒரு தடவை செய்த தீமையும் ரூபாய் கணக்காக என் பேரேட்டில் இருக்கின்றன.

கார்டு தரும் அவகாசம் எத்தனை நாள் என்று கேட்டால் எல்லோரும் "ஐம்பது நாள்" என்பார்கள். விளம்பரத்தில் அப்படித்தான் இருக்கும், ஆனால் அதற்கு முன்னால் 'அதிகபட்சம்' என்றும் ஒரு சொல் இருக்கும். அண்ணனுடைய கார்டுக்கு மாதாமாதம் 12-ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வரும். அதிலிருந்து இருபது நாளில் பணம் கட்ட வேண்டும். ஜூன் 13 அன்று பேப்பருக்குக் கார்டு தேய்த்தால் அது ஜூலை 12 ஸ்டேட்மென்டில்தான் ஏறும், கட்ட வேண்டிய கடைசி நாள் ஆகஸ்ட் 1. முழுதாக 49 நாள். அதே பேப்பரை இரண்டு நாள் முன்னதாக ஜூன் 11 அன்று வாங்கியிருந்தால் அது மறுநாள் ஸ்டேட்மென்டிலேயே வந்து உட்கார்ந்து, ஜூலை 2-க்குள் கட்டச் சொல்லும். 21 நாள்தான். இரண்டு நாள் பொறுத்ததற்கு நான்கு வாரம் கூடுதல் அவகாசம். பெரிய கொள்முதலை ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் வைத்துக்கொள்வதுதான் இந்த வித்தையில் பாதி.

ஸ்டேட்மென்ட் தேதி நமக்கு ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறையாவது அதை மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளிலேயே இருக்கிறது. நம் வசூல் எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து, கெடு அதற்குப் பத்து நாள் பின்னால் விழும்படி கேட்டு வாங்க வேண்டும்.

இனி அந்த 49 நாளின் விலை. பேப்பர் மூன்று லட்சம் ரூபாய். அதே பணத்தை பேங்கில் ஓ.டி.யாக, வருடத்துக்கு 11 சதவீத வட்டியில் எடுத்திருந்தால் 49 நாளுக்கு ஏறக்குறைய 4,430 ரூபாய் வட்டி ஆகியிருக்கும். ஆக, கார்டு மிச்சம் பிடித்துத் தருவது அவ்வளவுதான். ஆனால் டீலர் என்ன சொல்வார்? "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேத்துக் குடுத்துருங்க, மெஷின்காரன் என்கிட்ட புடிச்சுக்கிறான்." மூன்று லட்சத்துக்கு இரண்டு சதவீதம் 6,000 ரூபாய். 4,430 மிச்சம் பண்ண 6,000 கொடுப்பது லாபமா? ரொக்கத்துக்கு அவர் தருகிற ஒன்றரை சதவீதத் தள்ளுபடியும் கார்டு என்றால் கிடைக்காது, அது ஒரு 4,500. ஓ.டி. கையில் இருக்கிறவர் இப்படி டீலரிடம் கார்டைத் தேய்ப்பது வீண்.

ஓ.டி. இல்லாமல் வெளியே இரண்டு வட்டிக்கு வாங்குகிறவருக்குக் கணக்கு வேறு. மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் 49 நாளுக்கு 9,600 ரூபாய்க்கு மேல் போய்விடும். தள்ளுபடியில் ஆசை இல்லையென்றால் 6,000 கொடுத்துக் கார்டில் வாங்குவது அவருக்கு மலிவு. மெஷின் கட்டணத்தைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிற சப்ளையர்களும் உண்டு. மை, பிளேட் விற்கிற பெரிய கம்பெனிகள் சில பேமென்ட் லிங்க் அனுப்பும்போது கூடுதலாக எதுவும் கேட்பதில்லை. அண்ணன் இப்போது கார்டை அந்த இடங்களில்தான் நீட்டுகிறார். ரிவார்டு பாயின்ட் பற்றி நான் பேசவே இல்லை. ஒரு சூட்கேஸுக்காகத் தொழில் நடத்துகிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

கார்டே வாங்காத சப்ளையருக்கு என்ன செய்வது? ஒரு காலத்தில் இடையில் ஒரு கம்பெனி நம் கார்டில் பணத்தை எடுத்துக்கொண்டு, சப்ளையர் கணக்குக்கு ஐ.எம்.பி.எஸ்., நெஃப்ட் என்று அனுப்பிவைத்தது. 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதை நிறுத்தச் சொன்னது. கார்டு வாங்க ஏற்பாடு இல்லாதவர்களுக்கு இப்படிச் சுற்றிவளைத்துப் பணம் அனுப்புவது உரிமம் வாங்காத பணப்பட்டுவாடா முறை என்பது அதன் காரணம். தொழில் கார்டை வழக்கம்போல் பயன்படுத்துவதற்குத் தடை இல்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டது. தெரிந்தவர் கடை மெஷினில் சரக்கே வாங்காமல் தேய்த்து ரொக்கம் வாங்குவது இதைவிட மோசம். தொழில் கார்டில் போகிற பணம் உண்மையிலேயே தொழிலுக்குத்தான் போகிறதா என்று பேங்க் கவனிக்க வேண்டும் என்பது விதி. சரக்கு பில் இல்லாத தேய்ப்பு கார்டையே முடக்கிவிடும்.

சரி, அந்தத் தீமைக்கு வருகிறேன். கார்டு வாங்கிய முதல் வருடம். ஜூன் 13-இல் மூன்று லட்சம் தேய்த்தார். பள்ளிப் பணம் சொன்னபடி ஜூலை கடைசி வாரம் வந்து கரன்ட் அக்கவுன்டில் விழுந்தது. ஆகஸ்ட் 1 அன்று போனில் செய்தி: ஆட்டோ டெபிட்டில் பணம் எடுத்தாயிற்று, நன்றி. அண்ணன் நிம்மதியாக மெஷினைக் கவனிக்கப் போய்விட்டார். எடுத்தது எவ்வளவு என்று பார்க்கவில்லை. 15,000 ரூபாய்.

ஆட்டோ டெபிட் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும், `Total Amount Due` என்று ஒன்று, `Minimum Amount Due` என்று ஒன்று. கார்டு விற்க வந்த பையன் நிரப்பிக் கொடுத்த படிவத்தில் இரண்டாவதில் டிக் இருந்தது. குறைந்தபட்சத் தொகை என்பது பெரும்பாலும் பில்லில் ஐந்து சதவீதம்தான். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் கிடையாது, சிபில் ஸ்கோருக்கும் பழுதில்லை. பேங்கைப் பொறுத்தவரை நீங்கள் நல்ல வாடிக்கையாளர், சொல்லப்போனால் ரொம்ப நல்ல வாடிக்கையாளர். ஏனென்றால் மீதி 2,85,000 ரூபாய்க்கு வட்டி ஓடத் தொடங்கிவிட்டது. அதுவும் ஆகஸ்ட் 1-இலிருந்து அல்ல, பேப்பர் வாங்கிய ஜூன் 13-இலிருந்து. முழுத் தொகையைக் கட்டினால்தான் அந்த 49 நாள் இலவசம். கட்டாவிட்டால் கொடுத்த அவகாசத்தையே பின்னோக்கிப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அவர் கார்டின் வட்டி மாதம் 3.75 சதவீதம். நம் பாஷையில் மூணே முக்கால் வட்டி. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் உண்டு, ஆகவே ஏறத்தாழ நாலரை வட்டி. கேட்டால் தெருமுனை ஃபைனான்ஸ்காரரே கூச்சப்படுவார். ஆகஸ்ட் 12 ஸ்டேட்மென்ட் வரை 60 நாள். 2,85,000-க்கு வட்டி 21,000 ரூபாயைத் தாண்டியது.

இன்னொரு அடியும் இருந்தது. ஜூலை 20-இல் கேட்டலாக் வேலைக்காக இரண்டு லட்சத்துக்கு ஆர்ட் பேப்பர் வாங்கியிருந்தார். அது அடுத்த பில்லில்தானே வரும், செப்டம்பர் 1 வரை இலவசம்தானே என்று நினைத்தார். பழைய பில்லில் பாக்கி இருக்கிறவரை புதிதாக வாங்குவதற்கும் இலவசக் காலம் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். அந்த 23 நாளுக்கு 5,671 ரூபாய். எல்லாம் சேர்த்து ஜி.எஸ்.டி.யோடு 31,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே போனது. கட்ட வேண்டிய பணம் அத்தனை நாளும் வட்டியில்லாத கரன்ட் அக்கவுன்டில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வந்தது. ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு வரி: தேதி, தொகை, எந்த ஸ்டேட்மென்ட், கெடு என்றைக்கு. கடைசிக் கட்டத்தில், அதை அடைக்கப்போகிற பணம் யாரிடமிருந்து, எப்போது. அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப முடியாவிட்டால் கார்டு பையிலிருந்து வெளியே வராது. பள்ளிப் பணம் வந்த அன்றே, தேய்த்த தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவார். ஒரு தடவை நம்பர் அடிக்கிற மெஷின் சகாய விலைக்கு வந்தபோது அந்தப் பணத்தில் கை வைக்கப் பார்த்தார். "அண்ணே, மெஷின் மூணு வருஷத்துல சம்பாதிச்சுத் தரும். கார்டுக்காரன் முதல் தேதி கேப்பான்" என்றேன். வாங்கவில்லை. இரவல் நாளில் கிடைத்த பணத்தை மெஷினிலும் அட்வான்ஸிலும் போட்டுவிட்டுக் கெடு நாளில் கையைப் பிசைகிற கதைதான் நான் அதிகம் பார்த்தது.

வசூல் தவறாமல் வரும் என்பதும் நிச்சயமில்லை. போன வருடம் ஒரு பள்ளி இழுத்தடித்தது. கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போதே அண்ணன் எனக்கு போன் செய்தார், எண்பதாயிரம் குறைகிறது என்று. கொஞ்சம் குறைத்துக் கட்டிப் பார்க்கலாமா என்றார். பாக்கி எவ்வளவு சிறியதானாலும் இலவசக் காலம் போய்விடும் என்பதால் வேண்டாம் என்றேன். அண்ணி வளையலை பேங்கில் வைத்தார்கள். நகைக்கடன் ஒரு வட்டிக்குள் முடிந்தது, கார்டு பில் முழுதாக அடைந்தது, பள்ளி பணம் தந்த அன்று வளையல் வீட்டுக்கு வந்தது. கெடு தாண்டி மூன்று நாள் வரை தாமதக் கட்டணம் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்தச் சலுகை தாமதக் கட்டணத்துக்கும் சிபிலுக்கும்தான். வட்டிக்கு அதை நம்பி உட்காராதீர்கள்.

உங்களிடமும் தொழில் கார்டு இருந்தால் இன்று ராத்திரி கடையைச் சாத்துவதற்கு முன் பேங்க் ஆப்பைத் திறந்து, ஆட்டோ டெபிட்டில் இரண்டு கட்டத்தில் எதில் டிக் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.