பத்து மணி முதல் பதினொன்றரை வரை

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அதன் மெர்ச்சண்டைசிங் மேனேஜர் காலை 9 மணிக்கு வந்து உட்காரும்போதே அவருக்கு இரண்டு வகை வேலைகள் காத்திருக்கின்றன. முதல் வகை, பேசினால் நகர்கிற வேலை. சாயப்பட்டறையிலிருந்து துணி எப்போது வரும், லேப் டிப்புக்கு பையர் ஒப்புதல் கொடுத்துவிட்டாரா, லேபிள் வந்து சேர்ந்ததா என்று ஆளைப் பிடித்துக் கேட்டால் போதும். இரண்டாவது வகை, தனியாக உட்கார்ந்து யோசித்தால்தான் முடியும். காஸ்டிங் அப்படிப்பட்ட வேலை. நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல் கூலி, ஒரு உடுப்புக்கு ஆகும் துணி, சாயத்தில் குறையும் எடை, கட்டிங்கில் விழும் கழிவு எல்லாம் சேர்ந்துதான் விலை ஆகிறது. 50,000 டி-ஷர்ட்டுக்கு ஆர்டர், ஒன்றுக்கு 200 கிராம் துணி என்றால் மொத்தம் 10,000 கிலோ. கழிவுக் கணக்கில் 3 சதவீதம் குறைந்துபோனால் 300 கிலோ துணியின் விலையை பையரிடம் கேட்காமலே ஆர்டரை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்த இரண்டாவது வகை வேலைதான் நாள்தோறும் தள்ளிப்போகிறது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, இரவு 7 மணிக்கு மேல், களைத்த மூளையோடு காஸ்டிங் போடுகிற மேனேஜர்கள் நிறையப் பேர். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லவே முடியாது. அந்தப் பதவியின் இயல்பு அது. நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973-ல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி 9 நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தவை பத்தில் ஒன்றுதான். கைபேசி இல்லாத காலத்துக் கணக்கு இது.

ஆகவே நாள் முழுவதையும் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வேலையைப் பூட்டிவைக்கும் முறை மேனேஜருக்குச் சரிவராது. கேள்விக்குப் பதில் சொல்வதற்கும் அவருக்குச் சம்பளம் உண்டு. அவரால் காப்பாற்ற முடிவது இரண்டு துண்டுகளை மட்டும்தான்: ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று. மீதி நேரம் ஆட்களுக்கு. மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க ஆசைப்பட்டால் முதல் இரண்டும் கைநழுவும் என்பது என் கருத்து. நாளில் பாதி நேரம் கதவு மூடியிருந்தால், கதவைத் தட்டுவது தப்பில்லை என்று அலுவலகமே முடிவு செய்துவிடும்.

அந்த இரண்டு துண்டுகளையும் எந்த நேரத்தில் வைப்பது? ஒரு வாரம் குறிப்பு எழுதினால் தெரிந்துவிடும். ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடையில் வந்தது யார், எதற்கு வந்தார், அது ஒரு மணி நேரம் காத்திருந்தால் என்ன கெட்டிருக்கும் என்று எழுதவேண்டும். டைரியின் ஒரு பக்கம் போதும். எங்கோ எழுதிவைத்த பொது அட்டவணையைவிட அந்தத் தொழிலின் கடிகாரம் நன்றாக வழிகாட்டும். அமெரிக்க பையரின் மெயில்கள் நம் இரவில் வந்து, காலையில் காத்திருக்கும். அவற்றை 9.30-க்கு ஒரு பார்வை பார்த்தால் போதும். ஜெர்மனியில் அலுவலகம் திறக்கும் காலை 9 மணி, கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அதனால் காலை 10 முதல் 11.30 வரை அமெரிக்கா தூங்குகிறது, ஐரோப்பா இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. முதல் துண்டுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இரண்டாவதுதான் சிரமம். மதியத்துக்கு மேல் ஐரோப்பிய மெயில்கள் வரிசைகட்டும். அங்கேயும் ஒரு இடைவெளி உண்டு: அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழும் 12 மணி. அது நமக்குக் கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 4.30. அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாவது துண்டாக வைத்துக்கொள்ளலாம். மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றும்போது இதையும் கூடவே நகர்த்தவேண்டும்.

அடுத்தது மதிப்பீடு. "காஸ்டிங்கா, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்" என்று மனம் சொல்லும். 1994-ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில், கல்லூரி மாணவர்களிடம் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கு மேல். முன்பு செய்த அதே மாதிரி வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை மனிதர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாம் நல்லபடியாக நடக்கும் ஒரு காட்சியைக் கற்பனை செய்து அதையே கணக்காக வைத்துவிடுகிறார்கள்.

அதனால் கற்பனையை விட்டுவிட்டுக் குறிப்பைப் பார்க்கவேண்டும். நம் மேனேஜரின் குறிப்பில் கடைசி மூன்று காஸ்டிங் 80, 90, 105 நிமிடம் எடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 90-ஐ எடுத்து அந்தக் கட்டத்துக்குக் கொடுக்கலாம். 90-க்கும் 105-க்கும் உள்ள 15 நிமிட வித்தியாசத்தைத் தனியாக எடுத்துவைக்கவேண்டும். ஒவ்வொரு ஆர்டரும் நூலிலிருந்து கப்பல் வரை எந்தத் தேதியில் எங்கே இருக்கவேண்டும் என்று காட்டும் டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணையைச் சரிபார்ப்பது 45, 50, 70 என்றால் கட்டத்துக்கு 50, வித்தியாசம் 20. பையர் மெயில்களுக்குப் பதில் எழுதுவது 40, 45, 70 என்றால் 45, வித்தியாசம் 25. மூன்று வித்தியாசங்களும் சேர்ந்து 60 நிமிடம்.

இந்த 60 நிமிடத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். காஸ்டிங்குக்கு 105 என்று எழுதிவிட்டால் காஸ்டிங் 105 நிமிடமே எடுத்துக்கொள்ளும். கையில் நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் மெதுவாகத் தொடங்குவோம், தேவையில்லாத வரியை அழகுபடுத்துவோம். இஸ்ரேலைச் சேர்ந்த எலியாகு கோல்ட்ராட் 1997-ல் எழுதிய 'கிரிட்டிக்கல் செயின்' நூலில் பெரிய திட்டங்களுக்குச் சொன்ன வழி இதற்கும் பொருந்தும்: ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்துவைத்த உபரி நேரத்தை வெளியே எடுத்துப் பொதுவில் வை. எல்லா வேலையும் ஒரே நாளில் இழுக்காது. இழுத்த வேலை பொதுவிலிருந்து எடுத்துக்கொள்ளும். நம் மேனேஜர் 60 நிமிடத்தை இரண்டாகப் பிரித்து, காக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் ஒட்டி அரை மணி நேரம் வைக்கிறார். முதல் அரை மணி 11.30 முதல் 12 வரை. மற்றது, குளிர்கால மாதமென்றால், 5.30 முதல் 6 வரை.

இந்த அரை மணிக்கு இன்னொரு பயனும் உண்டு. "இப்போது வராதே" என்று ஒருவரிடம் சொன்னால் கோபம் வரும். "பதினொன்றரைக்கு வா, முழுசாகக் கேட்கிறேன்" என்றால் வராது. முதலாளியிடமும் இதே பேச்சுத்தான். குடும்ப நிறுவனங்களில் முதலாளி நினைத்த நேரத்தில் கூப்பிடுவார். அவருக்குக் கதவு மூட முடியாது. ஆனால் ஒரு வாரக் குறிப்பை அவர்முன் வைத்து, "அண்ணா, போன வாரம் காஸ்டிங் எல்லாமே ராத்திரிதான் போட்டேனுங்க. பத்துலருந்து பதினொன்றரை வரைக்கும் விட்டுட்டீங்கன்னா பன்னெண்டு மணிக்கெல்லாம் உங்க டேபிளுக்கு வந்துருமுங்க" என்று கேட்கலாம். விலை சீக்கிரம் வருவது அவருக்கும் லாபம் என்பதால் பெரும்பாலும் இசைவார்.

கதவை எப்போது தட்டலாம் என்பதையும் முன்கூட்டியே குழுவிடம் சொல்லிவிடவேண்டும். பத்து விதிகள் போட்டால் யாருக்கும் நினைவிருக்காது. மெஷினோ கட்டிங் மேசையோ நின்றுபோயிருந்தால் தட்டு. லாரி வாசலில் நின்றால் தட்டு. ஆளுக்கு அடிபட்டால் தட்டு. மற்றதெல்லாம் 11.30-க்கு. அந்த நேரம் கைபேசி உதவி மேனேஜரிடம் இருக்கும். கணினியில் மெயிலும் வாட்ஸ்அப்பும் மூடியிருக்கும். சொந்த மேசையைவிட மேல்மாடி மீட்டிங் அறை மேல். கண்ணில் படாத ஆளிடம் சின்னக் கேள்வி கேட்கத் தோன்றாது.

ஒரு புதன்கிழமையைப் பார்ப்போம். 10 மணிக்கு காஸ்டிங் தொடங்கியாயிற்று. 10.20-க்கு ஜூனியர் மெர்ச்சண்டைசர் கதவைத் தட்டுகிறார். "சார், ரிப்புக்கும் பாடி துணிக்கும் ஷேட் ஒத்துவரலைங்க. மாஸ்டர் கட்டிங்க நிறுத்திட்டாருங்க." இது விதிக்குள் வருகிற விஷயம். எழுந்து போகத்தான் வேண்டும். போவதற்கு முன் அரை நிமிடம் எடுத்து, காஸ்டிங் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதவேண்டும்: 'மூன்றாவது ஸ்டைல், சாயக் கழிவு வரை முடிந்தது, அடுத்து தையல் கூலி.' விட்டுவந்த வேலையில் மனதின் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் விளக்கினார். எங்கே விட்டோம், திரும்பி வந்து எதைத் தொடுவோம் என்று எழுதிவைத்தால் அந்த ஒட்டல் குறைகிறது என்பதும் அவருடைய பின்னாளைய ஆய்வில் தெரியவந்தது. எழுதிவிட்டுப் போனால் கட்டிங் மேசையின் முன்னாலும் மனம் முழுசாக நிற்கும்.

10.40-க்குத் திரும்புகிறார். பழைய ஓட்டம் பிடிக்க 5 நிமிடம். மீதி 70 நிமிட வேலை. முடியும்போது மணி 11.55. இழந்த 25 நிமிடத்தை அந்த அரை மணி விழுங்கிக்கொண்டது. 12 மணிக்கு இருந்த புரொடக்‌ஷன் மீட்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 11.30-க்கு வரச்சொன்னவர்களுக்கு 5 நிமிடம்தான் மிச்சம். அவர்களை மீட்டிங் முடிந்ததும் பார்ப்பதாக உடனே சொல்லி அனுப்பவேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த நாள் யாரும் 11.30 வரை காத்திருக்கமாட்டார்கள்.

வாரக் கடைசியில் இரண்டு அரை மணிகளும் என்ன ஆயின என்று பார்த்தால் முறை வேலைசெய்கிறதா என்று தெரியும். ஐந்து நாளும் காலி என்றால் மதிப்பீடு குறைவு, அல்லது நாளுக்குள் வேலையைத் திணித்திருக்கிறோம். ஒன்றை எடுத்து வேறு நாளுக்கு மாற்றவேண்டும். ஒரு நாளும் தொடப்படவில்லை என்றால் கட்டங்களுக்குள்ளேயே உபரி ஒளிந்திருக்கிறது. ஒரே காரணத்துக்காக ஒரே ஆள் மூன்று முறை கதவைத் தட்டியிருந்தால், அவரிடம் இருக்கவேண்டிய முடிவு மேனேஜரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஷேட் விஷயத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. பையர் ஒப்புக்கொண்ட, அதிகபட்சம் வெளிறியதும் அதிகபட்சம் அடர்ந்ததுமான இரண்டு துணித்துண்டுகளைக் கையெழுத்துடன் கட்டிங் அறையில் மாட்டி, லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து அவற்றுக்கு நடுவில் இருந்தால் வெட்டலாம் என்று மாஸ்டருக்கே அதிகாரம் கொடுத்துவிடலாம். அதற்கு வெளியே போனால் மட்டும் அவர் மேலே வந்தால் போதும்.

ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நாளிலும் பையர் நேரில் வரும் நாளிலும் இது செல்லாது. அன்றைக்கு இரண்டு துண்டையும் காக்கப் போராடுவது வீண். மாலைத் துண்டை விட்டுவிட்டு, காலைத் துண்டை 8.30-க்கு முன்னே இழுத்துக்கொண்டு, அன்றைக்கு வேண்டிய காஸ்டிங்கை முதல் நாளே முடித்திருக்கவேண்டும். மாதக் கடைசியில் ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் இப்படிப்பட்ட நாட்கள் அடுத்தடுத்து வரும். புது விசாரணைக்கு விலை தருகிறேன் என்று பையருக்குத் தேதி சொல்லும்போதே அந்த வாரத்தைத் தவிர்த்துவிட்டுச் சொல்லலாம்.