ஓர் இடைவெளி குறைந்தால் மூன்றாக உடையும் பட்டியல்

மாடித்தோட்டம் பற்றி ஒருவர் மார்க்டவுனில் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு பகுதி இது:

```
# மாடித்தோட்டம்

####விதைப்பு
1. பையில் மண்கலவை நிரப்பவும்
  - அடியில் துளை இருக்கட்டும்
2. விதையை ஊன்றவும்

[பயிர் விவரம்](agritech.tnau.ac.in)
```

படிப்பவருக்கு எல்லாம் புரிகிறது. எச்.டி.எம்.எல். ஆக மாற்றும்போதோ இதில் நான்கு இடங்கள் கெடும்.

மார்க்டவுனை ஜான் குரூபர் 2004-இல் வெளியிட்டார். அவர் எழுதிய விதிகள் சில நுணுக்கங்களைச் சொல்லாமல் விட்டதால், ஒரே கோப்பை ஒவ்வொரு மாற்றியும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொண்டது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2014-இல் காமன்மார்க் என்ற திட்டவட்டமான விதித்தொகுப்பு வந்தது. அதைப் பின்பற்றும் சிறிய நிரல் ஒன்றின் பெயர் `cmark`. அதை இயக்க ஒரே வரி போதும்:

```
cmark thottam.md > thottam.html
```

முதலில் தலைப்புகள். `####விதைப்பு` என்பதில் ஹேஷ் குறிகளுக்கும் சொல்லுக்கும் இடையே வெற்றிடம் இல்லை. ஆகவே அது தலைப்பாகாது. ஹேஷ் குறிகளோடு சாதாரணப் பத்தியாகவே அச்சாகும். இது கண்ணில் படும் பிழை, உடனே திருத்திவிடலாம். வெற்றிடம் சேர்த்தாலும் இன்னொரு பிழை எஞ்சும்: முதல் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு ஒரே தாவல். எழுத்து சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பலர் இப்படிச் செய்கிறார்கள். எழுத்தின் அளவு ஸ்டைல்ஷீட்டின் வேலை. தலைப்பின் எண் சொல்வது, எந்தப் பகுதி எதற்குள் அடங்குகிறது என்பதை மட்டுமே. பார்வையற்ற வாசகர் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானில் 2 என்ற விசையை அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்புக்குப் போய்விடலாம். விதைப்புப் பகுதி `<h4>` ஆக இருந்தால் அந்த விசைக்கு அது அகப்படாது.

கட்டுரையின் பெயருக்கும் கவனம் வேண்டும். பெரும்பாலான தளங்களின் வார்ப்புரு அதைத் தானே `<h1>` ஆக அச்சிடும். அப்படியானால் கோப்பில் உள்ள `#` வரியை நீக்கிவிட்டு, பகுதிகளை `##` என்று தொடங்குவதே முறை.

பட்டியலில்தான் கண்ணை ஏமாற்றும் பிழை இருக்கிறது. துளை பற்றிய வரி முதல் படிக்குள் அடங்க வேண்டும். எழுதியவர் இரண்டு வெற்றிடம் விட்டிருக்கிறார். ஆனால் `1. ` என்பது மூன்று எழுத்திடம் எடுத்துக்கொள்கிறது. உள்வரி குறைந்தது அந்த மூன்றைத் தாண்டித் தொடங்கினால்தான் உள்ளே அடங்கும். `10. ` என்றால் நான்கு. ஓர் இடம் குறைந்ததற்கு விளைவு இது:

```
<ol>
<li>பையில் மண்கலவை நிரப்பவும்</li>
</ol>
<ul>
<li>அடியில் துளை இருக்கட்டும்</li>
</ul>
<ol start="2">
<li>விதையை ஊன்றவும்</li>
</ol>
```

ஒரு பட்டியல் மூன்றாகிவிட்டது. `start="2"` இருப்பதால் திரையில் 1, புள்ளி, 2 என்று வரிசை சரியாகவே தெரியும். உலாவியில் பார்த்துச் சரிபார்ப்பவர் இதைக் கண்டுபிடிப்பது அரிது. திரைவாசிப்பானோ ஒவ்வொரு முறையும் ஓர் உருப்படி கொண்ட தனித்தனிப் பட்டியல் என்று அறிவிக்கும். விதை ஊன்றுவது அதே வேலையின் அடுத்த படி என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போகும். இன்னொரு வெற்றிடம் சேர்த்தவுடன் கட்டமைப்பு நேராகிறது:

```
<h2>விதைப்பு</h2>
<ol>
<li>பையில் மண்கலவை நிரப்பவும்
<ul>
<li>அடியில் துளை இருக்கட்டும்</li>
</ul>
</li>
<li>விதையை ஊன்றவும்</li>
</ol>
```

படிகளுக்கு நடுவே வெற்று வரி விடுவதும் விளைவை மாற்றும். ஒரே இடத்தில் விட்டாலும் அந்தப் பட்டியலின் எல்லா உருப்படிகளும் `<p>` குறிக்குள் போய், வரிகள் விலகித் தெரியும்.

கடைசியாக இணைப்பு. முகவரியின் முன்னே `https://` இல்லாததால், அதை நம் தளத்துக்குள் இருக்கும் ஒரு கோப்பின் பெயராக உலாவி எடுத்துக்கொள்ளும். சொடுக்கியவருக்குக் கிடைப்பது 404 பக்கம். முகவரியில் வெற்றிடம் இருந்தால் இணைப்பே உருவாகாது. அடைப்புக்குறிகள் அப்படியே அச்சாகும். அப்போது முகவரியை `<` `>` குறிகளுக்குள் இட வேண்டும்.

வந்த கோப்பை இரண்டு வரிகளில் சோதிக்கலாம்:

```
grep -nE '<h[1-6]|start=|<p>#' thottam.html
grep -o 'href="[^"]*"' thottam.html
```

முதல் வரி தலைப்புகளை வரிசையாகக் காட்டும், தலைப்பாகாமல் போனவற்றையும் உடைந்த பட்டியல்களையும் பிடித்துத் தரும். இரண்டாவது வரி எல்லா முகவரிகளையும் கொட்டும். `start=` அகப்பட்ட இடமெல்லாம் பிழையல்ல. நடுவே ஒரு படமோ விளக்கமோ வந்ததால் எழுதியவரே எண்ணைத் தொடர்ந்திருக்கவும் கூடும். அதை மூலக்கோப்பில் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.