சங்கப் பதிவேட்டில் கிடைத்த ஆள்-ஆண்டுகள்

கப்பலிலும் கட்டடங்களிலும் ஓடும் வெந்நீர்க் குழாய்களுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றுவது சிலர் மட்டுமே செய்த தொழில். ஓர் ஊரில் பத்தாயிரம் பேரைப் பொதுவாகப் பொறுக்கி எடுத்தாலும் அந்தத் தொழிலாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் தேறுவார்கள். அத்தனை சிலரை வைத்து அந்தத் தூசு ஆளைக் கொல்லுமா என்று சொல்ல முடியாது. நியூயார்க் மருத்துவர் இர்விங் செலிகாஃப் அதனால் ஊரைவிட்டு, தூசு இருக்கும் இடத்துக்கே போனார். நியூயார்க், நியூஜெர்ஸி வட்டாரத்து வெப்பக்காப்புத் தொழிலாளர் சங்கத்தின் பதிவேட்டில், 1942 முடிவில் இருந்த 632 பேரை எடுத்துக்கொண்டார்.

அவர் இதில் இறங்கியது 1960களின் தொடக்கத்தில். ஆனால் ஆய்வுக் காலம் தொடங்குவது 1943 ஜனவரியில். பழைய ஏட்டைப் பிடித்து, யார் இருக்கிறார், யார் எப்போது, எதனால் இறந்தார் என்று 1962 வரை வந்தார். இதுதான் பின்னோக்கிய கூட்டாய்வு. இருபது ஆண்டுக் காத்திருப்பு சில ஆண்டு வேலையாகச் சுருங்கிவிட்டது.

சிக்கல் எண்ணுவதில் இருந்தது. எல்லாரும் ஒரே காலம் கண்காணிப்பில் இருப்பதில்லை. அதனால் தலைகளோடு, ஒவ்வொருவரும் கணக்கில் இருந்த ஆண்டுகளையும் கூட்டுகிறார்கள், அதுதான் ஆள்-ஆண்டு. கல்நார் நோய்கள் தாமதமாக வருபவை என்பதால், தொழிலில் சேர்ந்து 20 ஆண்டு கடந்தவர்களையே செலிகாஃப் குழு பார்த்தது. 1920இல் சேர்ந்த ஒருவர் 1950 நடுவில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1943 முதலே கணக்கில் இருக்கிறார். தருவது ஏழரை ஆள்-ஆண்டு. 1935 தொடக்கத்தில் சேர்ந்தவர் 1955இல்தான் உள்ளே வருகிறார். 1962 முடிவில் உயிரோடிருந்தால் எட்டு ஆள்-ஆண்டு. இடைப்பட்ட 1943 முதல் 1954 வரையான 12 ஆண்டுகளை அவர் பெயரில் சேர்க்கக் கூடாது. அந்த ஆண்டுகளில் இறந்திருந்தால் அவர் கணக்குக்குள் வந்தே இருக்க மாட்டார். சாவே நிகழ முடியாத காலத்தை வகுக்கும் எண்ணில் திணித்தால் இறப்பு வீதம் பொய்யாகக் குறையும். இன்றும் பல ஆய்வுகள் வழுக்கி விழும் இடம் இது.

பிறகு அந்தந்த வயதுக்குரிய ஆள்-ஆண்டுகளை அமெரிக்க ஆண்களின் இறப்பு வீதத்தால் பெருக்கினார்கள். நுரையீரல், அதன் உறை ஆகியவற்றின் புற்றுநோயால் ஆறு அல்லது ஏழு பேர் இறந்திருக்க வேண்டும். இறந்தவர்கள் 45 பேர். வேலைக்குப் போகிறவர்கள் பொதுமக்களைவிடப் பொதுவாகவே திடகாத்திரமானவர்கள் என்பதையும் நினைத்தால், இந்த ஒப்பீடு ஆபத்தைக் குறைத்தே காட்டியிருக்கும். முடிவு 1964இல் வெளிவந்தது.

ஏட்டில் இல்லாததை மட்டும் பின்னோக்கிப் போய் எடுக்க முடியாது. 1942இன் பதிவேட்டில் புகைப்பழக்கம் பற்றி ஒரு வரியும் கிடையாது. அதற்காகவே, 1967 ஜனவரி முதல் தேதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சங்கத்தில் இருந்த 17,800 பேரையும் சேர்த்து முன்னோக்கிய ஆய்வு ஒன்றைத் தொடங்கினார்கள். புகைப்பீர்களா என்று தொடக்கத்திலேயே கேட்டார்கள். பத்தே ஆண்டில் விடை கிடைத்ததற்குக் காரணம், தொழிலில் பல பத்தாண்டு ஊறிய பழைய உறுப்பினர்களும் அதில் இருந்ததுதான். புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்திருந்தால் 1980களின் பிற்பகுதிவரை பெரிதாக எதுவும் தெரிந்திருக்காது.

1976 முடிவில் சேர்ந்திருந்தது 1,66,853 ஆள்-ஆண்டு. ஒருவரும் சாகாமல் இருந்திருந்தால் 1,78,000 ஆகியிருக்கும், குறைவது 11,147. இறந்தவர்கள் 2,271 பேர். ஆளுக்குச் சராசரி ஐந்து ஆண்டு இழப்பு என்றாலே குறை கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. ஆகவே கண்ணுக்குத் தப்பிக் காணாமல் போனவர்கள் அநேகமாக இல்லை என்று இந்தக் கூட்டல் கழித்தலே சொல்கிறது. இதற்கு மாறாக, நோயுற்றுச் சொந்த ஊருக்குப் போனவர்கள் தொடர்பை இழந்திருந்தால் இறப்புகள் நழுவியிருக்கும். வீதமும் நம்பத் தகாததாகியிருக்கும்.

முன்னோக்கிப் போனதில் இன்னொரு லாபமும் இருந்தது. இறப்புச் சான்றிதழ்களை மட்டும் நம்பியிருந்தால் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோயில் இறந்தவர்கள் 49 பேர்தான். மருத்துவமனைக் குறிப்புகள், திசு மாதிரிகள் ஆகியவற்றைத் திரட்டிப் பார்த்தபோது 175 பேர். ஆனால் நாட்டின் இறப்பு வீதம் சான்றிதழ்களிலிருந்து வருவது என்பதால், அதோடு ஒப்பிடும்போது சான்றிதழ் எண்ணையே வைக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் அப்படி வைத்தால் சுமார் 106க்கு 429, நான்கு மடங்கு. தீவிரமாகத் தேடிக் கண்ட 486ஐ வைத்தால் மடங்கு ஊதிப்போகும்.

புகைப்பழக்கக் கேள்வியின் பலன் 1979இல் வெளிவந்தது. கல்நாரும் புகையும் படாத ஆண்களைவிட, கல்நார் மட்டும் பட்டவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது சுமார் 5 மடங்கு. புகை மட்டும் என்றால் 11. இரண்டும் சேர்ந்தால் 53. புகைப்பழக்கம் தெரியவராத தொழிலாளர்கள் இந்தக் கணக்கில் இல்லை.