போன் நுழைந்தால் லேப்டாப் வெளியே

விடுதி வைஃபையில் மாணவருக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் ஒரே நேரத்தில் ஒரு கருவி. பல கல்லூரி விடுதிகளில் இதுதான் ஏற்பாடு. லேப்டாப்பில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கணக்கில் போன் நுழைந்தால், லேப்டாப்புக்கு இணையம் நின்றுவிடும். இது பழுதல்ல, நிர்வாகம் வைத்த வரம்பு.

வைஃபையில் இணைவது வேறு, இணையத்துக்குள் போவது வேறு. வைஃபையில் இணைந்ததும் கருவிக்கு உள்வலை முகவரி ஒன்று கிடைக்கும். அதோடு சரி, வெளியே போகும் வாசலில் ஒரு காவல் கணினி நிற்கிறது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பக்கத்தைக் காட்டுவது அதுதான். சரியாகக் கொடுத்தால், "இந்தக் கணக்கு இந்த முகவரியில் இருக்கிறது" என்று பதிந்துகொண்டு வழிவிடும். அதே கணக்கு வேறொரு முகவரியிலிருந்து வந்தால் என்ன செய்வது என்பதை நிர்வாகி முன்கூட்டியே தீர்மானித்திருப்பார். pfSense என்ற மென்பொருளில் இதற்கு `Concurrent user logins` என்று ஓர் அமைப்பு உண்டு. அதில் `Last login` என்று வைத்தால் கடைசியாக வந்தவருக்கே இடம். முன்பு இருந்தவர் வெளியே. `First login` என்று வைத்தால் முதலில் வந்தவர் இருப்பார். பின்னால் வருபவருக்கு அனுமதி இல்லை.

இரண்டாவது முறை நல்லது போலத் தோன்றும். அதில் வேறு தொல்லை இருக்கிறது. வெளியேறும் பொத்தானை அழுத்தாமல் லேப்டாப்பை மூடிவிட்டால், அது இன்னும் உள்ளே இருப்பதாகவே காவல் கணினி நினைக்கும். நிர்வாகி குறித்த காலக்கெடு முடியும்வரை போனுக்கு வழி கிடைக்காது.

முதல் முறையில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு மாணவி இரவு 8.40-க்கு லேப்டாப்பில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றத் தொடங்குகிறாள். போனோடு மெஸ்ஸுக்குப் போகிறாள். 9.05-க்கு அறைக்குத் திரும்பியதும் போன் பழகிய வைஃபையைப் பிடித்துக்கொள்கிறது. சில ஏற்பாடுகளில் ஒருமுறை நுழைந்த கருவியைக் காவல் கணினியே நினைவில் வைத்திருக்கும். கடவுச்சொல் கேட்காமலே போன் உள்ளே போய்விடும். கோப்பு பாதியில் நிற்கிறது. அவள் லேப்டாப்பில் மறுபடி லாகின் செய்கிறாள், போன் வெளியேறுகிறது. சற்று நேரத்தில் போன் மீண்டும் நுழைய, லேப்டாப் மீண்டும் விழுகிறது. எரிச்சலில் அவள் வைஃபையைத்தான் திட்டுவாள். குற்றவாளியோ பக்கத்தில் மேசைமேல் கிடக்கிறது.

சிக்னல் கோளாறா, வெளியேற்றமா என்று கண்டுபிடிப்பது எளிது. வைஃபை குறி முழுதாக இருந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால் உலாவியில் `http://neverssl.com` என்று தட்டிப் பார்க்கலாம். லாகின் பக்கம் வந்து நின்றால் வெளியேற்றம்தான். `https` முகவரிகளில் இந்தச் சோதனை சரிவராது. அவை குறியாக்கம் செய்யப்பட்டவை என்பதால், காவல் கணினி இடையில் புகுந்து தன் பக்கத்தைக் காட்ட முயன்றால் உலாவி எச்சரிக்கை காட்டும், அல்லது பக்கம் திறக்காமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

விண்டோஸ் 10, 11 லேப்டாப்புகளில் பெரும்பாலானவற்றில் `Mobile hotspot` வசதி உண்டு. லேப்டாப் விடுதி வைஃபையில் லாகின் செய்துவிட்டு, அதே இணையத்தைத் தன் பெயரில் இன்னொரு வைஃபையாகப் பரப்பும். போன் அதில் இணைந்தால் அதன் போக்குவரத்தெல்லாம் லேப்டாப்பின் முகவரியிலேயே வெளியே போகும். வாசலில் தெரிவது ஒரு கருவிதான். ஆனால் போனில் விடுதி வைஃபையை மறக்கச் செய்ய வேண்டும், குறைந்தது தானாக இணைவதையாவது நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் போன் மறுபடியும் பழைய வழியே போகும். லேப்டாப் உறங்கினால் போனுக்கும் இணையம் போய்விடும். ஐபோனை வைத்துத் தலைகீழாகச் செய்ய முடியாது. அது சிம் கார்டின் டேட்டாவைத்தான் பகிரும், வைஃபையை அல்ல.

சில விடுதிகள் இப்படிப் பகிர்வதைத் தடை செய்திருக்கும். கண்டுபிடிக்கவும் வழி உண்டு. விண்டோஸ் அனுப்பும் தரவுப் பொட்டலத்தில் 128 என்ற எண் இருக்கும், ஆண்ட்ராய்டில் 64. வழியில் ஒரு கருவியைக் கடக்கும்போது அது ஒன்று குறையும். வாசலில் 63 என்று வந்தால் நடுவில் யாரோ பகிர்கிறார்கள் என்று பொருள். ஆகவே விடுதி விதியை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. வரம்பை இரண்டாக்குவது நிர்வாகிக்குச் சின்ன மாற்றம்தான். வார்டனிடம் எழுதிக் கேட்கலாம்.

ஹாட்ஸ்பாட் கடவுச்சொல்லை மட்டும் அறைத்தோழர்களுக்குக் கொடுக்க வேண்டாம். அவர்கள் எதைத் திறந்தாலும் காவல் கணினியின் பதிவேட்டில் ஏறுவது கணக்குக்குரியவரின் பெயர்தான்.